83.2 மைக்ரான் படம் 332.8 ஆன கதை

கட்டுரைக்கான நுண்ணோக்கிப் படத்தொகுப்பை அனுப்பிய மறுநாள் வழிகாட்டியிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: "இந்த உட்கரு 40 மைக்ரான் அகலமா?" படத்தில் நீள அளவைக் காட்டும் கோடான ஸ்கேல் பாரை அருகில் வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது. நான் வளர்த்த செல்களின் உட்கரு 10 மைக்ரானை ஒட்டித்தான் இருக்கும். செல்லில் கோளாறு எதுவும் இல்லை. படத்தை வெட்டி, பெரிதாக்கி, மறுபடி ஸ்கேல் பார் போட்ட வழியில்தான் பிழை நுழைந்திருந்தது. அதைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு நாள் ஆனது.

முதலில் மூலப் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒளிர்வு நுண்ணோக்கியில் 40 மடங்கு லென்ஸ், 6.5 மைக்ரான் பிக்சல் கொண்ட கேமரா, நடுவில் வேறு பெருக்கம் எதுவும் இல்லை. ஆகவே படத்தில் ஒரு பிக்சல் என்பது மாதிரியில் 6.5 / 40 = 0.1625 மைக்ரான். படம் 2048 × 2048 பிக்சல் என்பதால் மொத்தப் பார்வைப் பரப்பின் அகலம் 332.8 மைக்ரான். இது கணக்கில் வந்த எண் மட்டும்தான் என்பதால், 10 மைக்ரான் இடைவெளியில் கோடு பொறித்த ஸ்டேஜ் மைக்ரோமீட்டரைப் படமெடுத்தும் சரிபார்த்திருந்தேன். 30 இடைவெளிகள் ஏறக்குறைய 1846 பிக்சலுக்கு நீண்டன. 300ஐ 1846ஆல் வகுத்தால் அதே 0.1625தான். அதனால் அடிப்படை எண்ணில் பிழை இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது.

அந்தப் படத்திலிருந்து ஒரே ஒரு செல் இருக்கும் 512 × 512 பிக்சல் பகுதியை வெட்டி எடுத்து PNG ஆகச் சேமித்தேன். அச்சுக்குச் சின்னதாக இருக்கிறதே என்று வேறொரு பட மென்பொருளில் அதை நான்கு மடங்காக்கி, 2048 × 2048 ஆக்கினேன். பிறகு ஸ்கேல் பார் போடுவதற்காக ஃபிஜி என்ற பட ஆய்வு மென்பொருளில் திறந்தேன். அளவுத் தகவல் காணாமல் போயிருந்தது, படம் வெறும் பிக்சல் கணக்கில்தான் திறந்தது. நோட்டில் 0.1625 என்று எழுதி வைத்திருந்தேன் அல்லவா? `Analyze > Set Scale...` திறந்து அதையே தட்டிவிட்டு, 20 மைக்ரான் பார் போட்டுக்கொண்டேன்.

பிழை இந்த இடத்தில்தான். வெட்டும்போது பிக்சலின் அளவு மாறுவதில்லை. ஓரங்களைத் தூக்கி எறிகிறோம், மிச்சம் இருக்கும் ஒவ்வொரு பிக்சலும் முன்போலவே 0.1625 மைக்ரான்தான். பெரிதாக்கும்போதோ, அதே 83.2 மைக்ரான் அகலத்தை 512க்குப் பதில் 2048 பிக்சல் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒரு பிக்சலுக்கு 0.040625 மைக்ரான்தான் கிடைக்கும். நான் பழைய எண்ணைத் தட்டியதால் மென்பொருள் 123 பிக்சல் நீளத்தில் கோடு போட்டு "20 µm" என்று எழுதியது. அந்தக் கோட்டின் உண்மையான நீளம் 5 மைக்ரான். 20 மைக்ரானுக்கு 492 பிக்சல் வந்திருக்க வேண்டும்.

நீளம் நான்கு மடங்கு பிசகினால் பரப்பு பதினாறு மடங்கு பிசகும். நல்ல வேளையாக உட்கருப் பரப்புகளை நான் மூலப் படத்திலேயே அளந்திருந்தேன். பெரிதாக்கிய படத்தில் அளந்திருந்தால் 78 சதுர மைக்ரான் என்பது 1248 ஆகியிருக்கும்.

இத்தனைக்கும், அன்றே கண்டுபிடித்திருக்கக்கூடிய அறிகுறி ஒன்று கண்ணெதிரே இருந்தது. ஃபிஜியில் படச் சாளரத்தின் மேல் வரியில் படத்தின் அகலமும் உயரமும் மைக்ரானில் தெரியும். முழுப் படத்துக்கு அங்கே 332.80 என்று இருந்தது. வெட்டிய துண்டுக்கு, அதாவது முழுப் படத்தின் கால்வாசி அகலத்துக்கு, அதே 332.80 தெரிந்தது. துண்டு முழுசுக்குச் சமமாக இருக்கவே முடியாது. இப்போது எந்தப் படத்தைத் திறந்தாலும் என் கண் முதலில் அந்த வரிக்குத்தான் போகிறது.

திரும்பச் செய்தபோது மூல TIFFஇலிருந்தே தொடங்கினேன். `Edit > Selection > Specify...` போய் 512 × 512 என்றும் இடது மேல் மூலையின் X, Y எண்களையும் கொடுத்தேன். கையால் கட்டம் வரையாததற்குக் காரணம் உண்டு. இந்த நான்கு எண்களையும் குறித்து வைத்தால், எந்த இடத்தை வெட்டினோம் என்பதை யார் கேட்டாலும் மூலப் படத்தில் காட்ட முடியும். மற்ற நிறச் சேனல்களிலும் அதே இடத்தை வெட்டலாம். பிறகு `Image > Duplicate...`. இது மூலத்தைத் தொடாமல் துண்டை மட்டும் புதிய சாளரத்தில் தரும், அளவுத் தகவலும் கூடவே வரும். `Image > Properties...` திறந்து Pixel width 0.1625 என்று இருப்பதையும், மேல் வரியில் 83.20 என்று இருப்பதையும் பார்த்துவிட்டு, TIFF ஆகச் சேமித்தேன்.

பெரிதாக்குவதையும் இந்த முறை வெளியே கொண்டுபோகவில்லை. `Image > Scale...` கட்டளையில் 4 கொடுத்தால் ஃபிஜி பிக்சல் அளவைத் தானாகவே நான்கால் வகுத்துக்கொள்கிறது. Properties இப்போது 0.040625 என்றது, மேல் வரியில் அகலம் மாறாமல் 83.20. (பெரிதாக்குவதால் புதிய விவரம் எதுவும் படத்துக்குள் வருவதில்லை. அளவிடும் வேலையெல்லாம் மூலத்தில்தான், இது அச்சுக்கு மட்டும்.) கடைசியாகத்தான் `Analyze > Tools > Scale Bar...`. Overlay தெரிவைப் போட்டு வைத்தேன். அப்படிச் செய்தால் கோடு படத்தின் மேல் தனி அடுக்காக நிற்கும், பிக்சல்களை அழிக்காது, இடம் பிடிக்காவிட்டால் மாற்றலாம். எல்லாம் சரி என்றான பிறகு `Image > Overlay > Flatten` செய்து, அந்தப் பிரதியை மட்டும் PNG ஆக்கினேன்.

பக்க வடிவமைப்புக்குப் போன பிறகு படம் இன்னும் பலமுறை சுருங்கும், விரியும். கோடு படத்திலேயே பதிந்துவிட்டதால் படத்தோடு சேர்ந்து அதுவும் அதே விகிதத்தில் மாறும், பாதகமில்லை. நீள அகல விகிதத்தைப் பூட்டி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு பக்கம் மட்டும் இழுபட்டால் கிடைக் கோடு கிடைத்திசைக்கு மட்டுமே உண்மை பேசும். கோட்டைத் தனியாக வரைந்து படத்தின் மேல் வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட வேண்டும். இல்லையென்றால் படம் மட்டும் மாறி, கோடு பழைய நீளத்திலேயே நின்றுவிடும். படக்குறிப்பில் "40x" என்று எழுதியிருந்ததையும் எடுத்துவிட்டேன். வெட்டி, விரித்து, தாளிலோ திரையிலோ வேறு அளவில் தெரியும் படத்துக்கு அந்த எண் எதையும் சொல்வதில்லை. லென்ஸ் விவரத்தைச் செய்முறைப் பகுதியில் எழுதினால் போதும்.

பழைய கோப்புகளைச் சரிபார்க்கும்போது இன்னொரு கண்ணியும் அகப்பட்டது. Set Scale பெட்டியில் Global என்று ஒரு தெரிவு உண்டு. அதைப் போட்டால் திறந்திருக்கும் எல்லாப் படங்களுக்கும், அடுத்துத் திறப்பவற்றுக்கும் அதே அளவு ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் அதை எடுக்க மறந்து, 20 மடங்கு லென்ஸில் எடுத்த படங்களையும் 0.1625 என்றே சேமித்திருந்தேன். அவற்றுக்கு 0.325 வர வேண்டும். ஆறு படங்களை மூலத்திலிருந்து மறுபடி செய்தேன்.

இப்போது தொகுப்பு முடிந்ததும் மென்பொருள் எதையும் நம்பாமல் ஒரு வகுத்தல் போடுகிறேன். கடைசி PDFஇல் கோட்டின் நீளத்தையும் படத்தின் அகலத்தையும் அளவுகோலால் அளந்து, முதலாவதை இரண்டாவதால் வகுப்பேன். 20 மைக்ரான் கோடு, 83.2 மைக்ரான் படம் என்றால் விடை 0.24 வர வேண்டும். முதலில் அனுப்பிய பிழையான படத்தில் அது 0.06ஆக இருந்தது. திருத்திய படத்தில் 0.24 வந்த பிறகே வழிகாட்டிக்கு மறுபடி அனுப்பினேன்.