ஏழு பக்க ஆர்டரை ஒரு தாள்ல எழுதுறது

ஜூன் 9, திங்கள்

நான் உதவி பண்ற ஒரு பொண்ணு புருசன் மேல போட்ட குடும்ப வன்முறை கேஸ்ல ஃபைனல் ஆர்டர் காப்பி இன்னைக்கு கைக்கு வந்துச்சு, ஏழு பக்கம், முழுக்க இங்கிலீஷ். அவ கேட்ட மொத கேள்வியே "அக்கா, இது எத்தனை நாளைக்கு?"ன்னுதான். ஏன் கேக்குறான்னு எனக்குத் தெரியும், முன்னாடி கெடச்ச இடைக்கால ஆர்டர்ல "அடுத்த வாய்தா வரை"ன்னு போட்டிருந்தாங்க, ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீட்டுவாங்களா மாட்டாங்களான்னு பயந்துகிட்டே எட்டு மாசம் ஓட்டிட்டா.

ஃபைனல் பாதுகாப்பு ஆணை அப்படி இல்ல. 2005 குடும்ப வன்முறைச் சட்டம் 25வது பிரிவுப்படி, எனக்கு இது வேண்டாம்னு அவளே மனு போட்டு ரத்து பண்ற வரைக்கும் அது நிக்கும். வீட்டைப் பத்தின பகுதியில ஜட்ஜ் "மறு உத்தரவு வரை"ன்னு எழுதியிருக்காரு, அதுவும் தேதி இல்லாததுதான். அதனால அவளுக்காக நான் தமிழ்ல சுருக்கி எழுதுற தாளோட மொத வரி: "இதுக்குக் கடைசித் தேதி கிடையாது."

ஜூன் 11, புதன்

நேத்து எழுதிக் குடுத்ததை படிச்சுட்டு "அப்ப வீடு எனக்குத்தானே அக்கா?"ன்னு சந்தோசமா கேட்டா. தப்பு என் மேலதான், "வீட்டில் வசிக்க உரிமை உண்டு"ன்னு மட்டும் எழுதிட்டேன். வீடு மாமியார் பேர்ல இருக்கு, கீழ மாமியார், மாடியில இவளும் புள்ளையும். உக்காந்து திரும்ப எழுதினேன்.

வீடு யார் பேர்ல இருந்தாலும், கல்யாணமாகி குடும்பமா வாழ்ந்த வீட்டுல இருந்து அவளை வெளிய தள்ள முடியாது. மாமியார் வீடுன்னாலும் அது சேந்து வாழ்ந்த வீடுங்கற கணக்குல வரலாம்னு 2020 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, அதுக்கு முன்னாடி "வீடு எங்க அம்மா பேர்ல, கெளம்பு"ன்னு சொன்னா பல கேஸ்ல பொண்ணுங்க தோத்தாங்க. ஆனா இது இருக்குறதுக்கான உரிமை, சொத்துல பங்கு இல்ல. மாமியார் தனியா சிவில் கேஸ் போட்டு முறைப்படி போகலாம், அந்த வழி அடைபடல.

ஆர்டர்ல புருசனை வீட்டை விட்டு வெளிய போகச் சொல்லியிருக்காங்க. மாமியாரை அப்படி சொல்ல முடியாது, ஒரு பொம்பளையை வெளியேத்துற மாதிரி அந்த ஆர்டரைப் போடக்கூடாதுன்னு 19வது பிரிவிலயே இருக்கு. அதனால இப்படி எழுதினேன்: "அத்தை கீழ இருப்பாங்க, நீ மாடியில இருப்ப. உன் தண்ணியையோ கரண்டையோ அவங்க நிறுத்தக்கூடாது. அவன் மாடிப்படி ஏறக்கூடாது."

ஜூன் 16, திங்கள்

காலையில போன். புருசனோட ஃப்ரெண்டு நம்பர்ல இருந்து வாட்ஸ்அப், "வந்து பேசி முடிச்சிக்கலாம்னு அவன் சொல்றான்"னு. ஆர்டர்ல இருக்குற வாசகம் நேராவோ அடுத்தவங்க மூலமாவோ, போன், கடுதாசி, மெசேஜ் எந்த வழியிலயும் தொடர்பு கொள்ளக்கூடாதுங்கறது. நான் தாள்ல "போன் பண்ணக்கூடாது"ன்னு சுருக்கிட்டேன், அதனால இது மீறலான்னு அவளுக்கே சந்தேகம் வந்துருச்சு. சுருக்கும்போது தொலையுறது இந்த மாதிரி வார்த்தைங்கதான். "அடுத்தவங்க மூலமாவும்"னு சேர்த்தேன். பதில் போடாத, அழிக்காத, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைன்னு சொன்னேன்.

ஜூன் 17, செவ்வாய்

ஸ்டேஷனுக்குப் போனோம். "குடும்ப விசயம், பேசித் தீத்துக்கங்கம்மா"ன்னாங்க. காப்பி அவங்க ஃபைல்ல இல்ல, நாங்க கொண்டு போனதைக் காட்டினோம். பாதுகாப்பு ஆணையை மீறினா 31வது பிரிவுல ஒரு வருசம் வரை ஜெயில், இல்ல 20,000 ரூபாய் வரை அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். வாரன்ட் இல்லாம கைது பண்ணலாம், ஜாமீனை உரிமையா கேக்க முடியாத குத்தம். இதைப் பொறுமையா எடுத்துச் சொன்ன பெறகு புகாரை வாங்கிகிட்டாங்க, அதுக்கான சி.எஸ்.ஆர். ரசீதும் குடுத்தாங்க.

தாள்ல இதையும் எழுதினேன், ஆனா மாசாமாசம் குடுக்கச் சொன்ன பணம் வரலைன்னா இந்த வழி இல்ல, அதுக்கு கோர்ட்டுலதான் மனு போடணும்னு தனியா எழுதினேன். ரெண்டையும் கலந்தா ஸ்டேஷன்ல அவ வீணா அலைவா.

ஜூலை 2, புதன்

புருசன் தரப்புல ஆர்டரை மாத்தணும்னு மனு போட்டிருக்காங்க, நிலைமை மாறிடுச்சுன்னு காமிச்சா ரெண்டு தரப்புல யார் வேணும்னாலும் கேக்கலாம். நோட்டீஸைப் பாத்துட்டு "ஆர்டர் போயிருச்சா அக்கா"ன்னு அழுதா. போகல, ஜட்ஜ் ரெண்டு பக்கமும் கேட்டு காரணத்தை எழுதி வச்சு மாத்துற வரைக்கும் பழைய ஆர்டர் அப்படியேதான் இருக்கு, ஆனா அந்த வாய்தாவுக்கு நீ வரலைன்னா உன் பக்கத்தை யாரும் சொல்ல மாட்டாங்கன்னேன்.

மொத வரிக்குக் கீழ ஒரு வரி சேர்த்துக் குடுத்தேன்: "நோட்டீஸ் வந்தா அன்னைக்கே எனக்கு போன் பண்ணு, அதுல இருக்குற தேதிக்கு கோர்ட்டுக்கு வா." பழைய தாளைக் கிழிச்சுட்டு புதுசை அடுப்படிக் கதவுக்குப் பின்னாடி ஒட்டிருக்கேன்னு சாயங்காலம் போட்டோ அனுப்பிச்சா.