முதல் தொண்ணூறு விநாடி: ஓர் உரையின் தொடக்கத்தை அமைத்துப் பார்த்த அனுபவம்

மதுரையில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் வாசகர் வட்டத்தில், பெரியாற்று நீர் வைகைக்கு வந்த வரலாற்றைப் பற்றிப் பத்து நிமிடம் பேசும் பொறுப்பு இம்முறை எனக்கு வந்தது. மேடைப் பேச்சு எனக்குப் பொழுதுபோக்கு மட்டுமே. உரையின் நடுப்பகுதி இரண்டு மாலைகளில் அமைந்துவிட்டது. அவையின் கவனத்தைப் பிடிக்க வேண்டிய முதல் ஒன்றரை நிமிடத்துக்கு மட்டும் அதைவிட நெடுநேரம் உழைக்க வேண்டியிருந்தது என்பதால், அந்தப் பகுதியை எப்படிக் கட்டினேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்தேன். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு சொற்கள் என் வாயிலிருந்து வருகின்றன. ஆகவே தொண்ணூறு விநாடி என்பது ஏறக்குறைய நூற்றைம்பது சொற்களுக்கான இடம். இடையில் நிறுத்தங்கள் வேண்டுமென்றால் நூற்று இருபதுதான். நம் மேடை வழக்கப்படி தலைவரையும் வரவேற்றவரையும் முன்வரிசைப் பெரியவர்களையும் தனித்தனியே விளித்து, இரண்டு வரி அவையடக்கமும் சொன்னால் இதில் பாதி தீர்ந்துவிடுகிறது. அந்த நேரத்தில் கேட்பவர் எவரும் உரைக்குள் வருவதில்லை, தம் பெயர் வருகிறதா என்று மட்டுமே கவனிக்கிறார். விளிப்பையே விட்டுவிடலாமா என்று எங்கள் வட்டத்தின் மூத்தவரான ஓய்வுபெற்ற தமிழாசிரியரிடம் கேட்டேன். “விடக் கூடாது தம்பி, ஆனா முதல்லயே சொல்லணும்னு எந்த இலக்கணமும் இல்லை” என்றார். பின்னால் வந்த அமைப்புக்கு இந்த ஒரு வாக்கியமே வழிகாட்டியது.

கேள்வியோடு தொடங்குவதை முதலில் முயன்றேன். “வைகை எங்கே பிறக்கிறது?” என்று நண்பர்கள் சிலரிடம் கேட்டபோது இருவர் தலையைக் குனிந்துகொண்டார்கள், ஒருவர் உடனே சரியான விடையைச் சொல்லிவிட்டார். விடை தெரியாதவரைக் கூச வைப்பதும், தெரிந்தவருக்கு வேலை இல்லாமல் செய்வதும் தேர்வுக் கேள்வியின் இயல்பு. இரண்டு வகையிலும் கவனம் பேச்சாளரை விட்டு விலகுகிறது. “இன்று காலை உங்கள் வீட்டுக் குழாயில் வந்த தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டியது?” என்று மாற்றியபோது முகங்கள் நிமிர்ந்தன. கேட்டுவிட்டு மூன்று விநாடியாவது வாயை மூடிக்கொண்டிருந்தால்தான் அது கேள்வியாக நிற்கிறது. பேச்சாளரே அவசரப்பட்டுப் பதிலைச் சொன்னால், விடை எதிர்பார்க்கப்படவில்லை என்று அவைக்குப் புரிந்துபோய், அடுத்த கேள்விக்கும் யாரும் யோசிப்பதில்லை.

அடுத்து வியப்பூட்டும் செய்தி. முல்லைப் பெரியாறு அணை 1895-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது என்பது செய்திதான், ஆனால் அது யாரையும் வியக்க வைக்காது. கேட்பவர் மனத்தில் ஏற்கெனவே ஒரு நம்பிக்கை இருந்து, சொல்லும் செய்தி அதற்கு மாறாக இருந்தால்தான் வியப்பு பிறக்கிறது. ஆண்டுக்கு எதிராக எவர் மனத்திலும் எந்த நம்பிக்கையும் இல்லை. வைகை முழுக்க முழுக்க நம் ஊர் ஆறு என்ற நம்பிக்கையோ மதுரைக்காரர் எல்லாரிடமும் இருக்கிறது. ஆகவே அந்த நம்பிக்கையை ஒரு வாக்கியத்தில் எழுப்பிவிட்டு, அந்த ஆற்று நீரில் ஒரு பங்கு மேற்கே அரபிக் கடலுக்குப் போயிருக்க வேண்டிய நீர் என்று அடுத்த வாக்கியத்தில் அதை அசைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்கும் ஆறு என்று தொடங்கினால் எழுப்பும் வேலை ஐந்தே சொற்களில் முடிந்துவிடுகிறது.

இதைச் சொல்லிக் காட்டியபோது, பொதுப்பணித் துறையில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் உடனே இடைமறித்து, “ஒரு பங்குன்னா எவ்வளவு?” என்று கேட்டார். வியப்பு பெரிதாக இருந்தால் ஐயமும் அதே அளவில் எழும். ஆகவே தொடக்கத்தில் வைக்கும் செய்தி, இப்படி இடைமறிக்கப்பட்டாலும் நின்று பதில் சொல்லக்கூடிய அளவுக்கே விரிந்திருக்க வேண்டும். ‘வைகைத் தண்ணீரே கேரளத் தண்ணீர்தான்’ என்றால் கைதட்டு கிடைக்கும், உரை உடைந்துபோகும். ‘ஒரு பங்கு’ என்று நிறுத்திக்கொண்டால் அது எந்த வழியாக வருகிறது என்று காட்ட முடியும்: மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்த சுரங்கம், அதற்கப்பால் சுருளியாறு, பிறகு வைகை.

கதைக்கு முதலில் மனத்தில் வந்தது பென்னிகுயிக் தம் சொத்தை விற்று அணை கட்டினார் என்று மேடைகளில் சொல்லப்படும் கதை. கேட்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த கதை என்பதால் அடுத்து என்ன என்ற ஆவல் அதில் எழாது. ஆவணம் காட்டாமலே அது பலராலும் சொல்லப்படுகிறது என்பது இன்னொரு தடை. அதனால் அதை விட்டுவிட்டு, 1789-இல் இராமநாதபுரம் சேதுபதி மன்னரின் பிரதானி, அதாவது அமைச்சர், முத்திருளப்ப பிள்ளை இந்த நீரைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று ஆராய்ந்து, செலவு மிகுதி என்று கைவிட்டதை எடுத்துக்கொண்டேன். இதில் ஓர் ஆள் இருக்கிறார், அவருக்கு ஒரு தேவை இருக்கிறது, ஒரு தடையும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது முடியாமல் நிற்கிறது. தொடக்கத்தில் சொல்லும் கதை முடிந்துவிட்டால் கேட்பவரும் அதோடு ஓய்ந்துவிடுகிறார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

மூன்றையும் தனித்தனியே சோதித்த பிறகு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலையைக் கொடுத்து இவ்வாறு வரிசைப்படுத்தினேன்:

“சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்குகிற ஆறு வைகை. (நிறுத்தம்) அந்த ஆற்றுக்கு வரும் தண்ணீரில் ஒரு பங்கு, மேற்கே போய் அரபிக் கடலில் கலந்திருக்க வேண்டிய தண்ணீர். (நீண்ட நிறுத்தம்) தலைவர் அவர்களுக்கும் அவையோர் அனைவருக்கும் வணக்கம். 1789-ஆம் ஆண்டு. இராமநாதபுரத்துச் சீமையில் மழை பொய்த்தால் கண்மாய் வறண்டுவிடும். மலைக்கு அந்தப் பக்கமோ தண்ணீர் வீணே கடலுக்குப் போகிறது. சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதை இந்தப் பக்கம் திருப்ப முடியுமா என்று ஆராய்கிறார். முடியும் என்று தெரிகிறது, ஆனால் செலவு தாங்காது என்று கைவிடுகிறார். அணை திறக்கப்பட்டது 1895-இல். முடியும் என்று தெரிந்த ஒரு வேலைக்கு ஏன் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று?”

வியப்பு முதல் பதினைந்து விநாடிக்குள் முடிகிறது. வணக்கம் அதற்குப் பின்னால் வருவதால், அவை அதை மரியாதையாகவும் மூச்சு வாங்கும் இடைவெளியாகவும் எடுத்துக்கொள்கிறது. முன்வரிசையில் எவரும் முகம் சுளிக்கவில்லை. கேள்வியைத் தொடக்கத்திலிருந்து எடுத்துக் கடைசிக்குக் கொண்டுபோனதுதான் பெரிய மாற்றம், ஏனெனில் உரையின் மீதி எட்டரை நிமிடமும் அந்த ஒரு கேள்விக்கான பதிலாகவே அமைந்துவிட்டது. தொடக்கம் உரையோடு ஒட்டியிருக்கிறதா என்று சோதிக்க நான் இப்போது செய்வது இதுதான்: அந்த ஒன்றரை நிமிடத்தை நீக்கிவிட்டு மீதியைப் படித்துப் பார்க்கிறேன். எதுவும் குறையாகத் தெரியவில்லை என்றால் அந்தத் தொடக்கம் வேறு எந்த உரைக்கும் பொருந்தும் வெறும் அலங்காரம்.

கைபேசியில் பதிவு செய்து கேட்டபோது இன்னொன்று தெரிந்தது. நீண்ட நிறுத்தம் என்று நான் நினைத்தது பதிவில் ஒரு விநாடிகூட இல்லை. மேடையில் நிற்பவருக்கு மௌனம் நீளமாகத் தோன்றுகிறது என்பதால், ‘அரபிக் கடல்’ என்ற பிறகு மனத்துக்குள் மூன்று எண்ணிவிட்டுத்தான் வணக்கம் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். அந்த இடைவெளியில் சிலர் பக்கத்திலிருப்பவரைத் திரும்பிப் பார்த்தார்கள். செய்தி சேர்ந்துவிட்டது என்பதற்கு அதைவிட நம்பத்தக்க அடையாளம் எனக்குத் தெரியவில்லை. சிரிப்பும் கைதட்டும் மரியாதைக்காகவும் வரும்.

இந்தத் தொடக்கம் மதுரை அவைக்கு மட்டுமே செல்லும். அடுத்த மாதம் இதே உரையைக் கம்பம் பக்கத்தில் பேச அழைத்திருக்கிறார்கள். சுருளியாற்றங்கரையில் வாழ்பவர்களுக்குப் பெரியாற்று நீர் என்பது வியப்பே அன்று, தினமும் காண்பது. அங்கே அழகரையும் அரபிக் கடலையும் எடுத்துவிட்டு, பிரதானியின் கதையிலிருந்தே தொடங்கலாம் என்று எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.