பக்க ஓரக் குறிப்புகளிலிருந்து மதிப்பாய்வு அறிக்கை வரை

மருத்துவ ஆய்விதழ்களுக்குத் தொடர்ந்து மதிப்பாய்வு செய்துவந்த ஒரு பேராசிரியரிடம் நான் பணியாற்றிய காலத்தில், அவர் ஒரு கட்டுரையைப் படித்து எழுதிவைத்திருந்த குறிப்புகளை அறிக்கையாக ஒழுங்குபடுத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. மதிப்பாய்வுக்கு வரும் கட்டுரை ரகசியமானது என்பதால், என்னைச் சேர்த்துக்கொள்வதற்கு முன்பே அவர் இதழின் பதிப்பாசிரியருக்கு எழுதி ஒப்புதல் பெற்றார். அதே காரணத்தால் அந்தக் கட்டுரையின் பொருளையும் எண்களையும் இங்கே மாற்றித் தருகிறேன்; சிக்கல்களின் வடிவம் மட்டும் உண்மையில் இருந்தபடியே இருக்கிறது.

கட்டுரை இதுதான். உயர் ரத்த அழுத்தம் உள்ள 120 பேரைக் கட்டுரையாளர்கள் சமவாய்ப்பு முறையில் இரண்டு குழுக்களாகப் பிரித்திருந்தார்கள். ஒரு குழுவுக்கு மருந்து சாப்பிட நினைவூட்டும் குறுஞ்செய்தி தினமும் சென்றது. மற்றொரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டுமே. 12 வாரங்களுக்குப் பிறகு சிஸ்டாலிக் ரத்த அழுத்தத்தை அளந்து, குறுஞ்செய்தி ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று முடிவுகூறியிருந்தார்கள். பேராசிரியரின் குறிப்புகள் மொத்தம் 31. சில பக்க ஓரத்தில் இரண்டு சொற்களாக இருந்தன, சில அட்டவணையைச் சுற்றிய வட்டமாகவும் கேள்விக்குறியாகவும் இருந்தன, ஒன்றிரண்டு மட்டும் முழு வாக்கியங்கள்.

நான் முதலில் செய்தது எளிதான வழி. குறிப்புகளைப் பக்க வரிசையில் தட்டச்சு செய்தேன். நீளமாகவும் அழுத்தமாகவும் எழுதப்பட்டிருந்தவற்றை முக்கிய ஆட்சேபங்கள் என்றும், குட்டையானவற்றைச் சிறு திருத்தங்கள் என்றும் பிரித்தேன். முதல் வகையில் 11, இரண்டாம் வகையில் 20 சேர்ந்தன. தொடக்கத்தில் வரவேண்டிய சுருக்கத்தைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்து, பிறகு கட்டுரையின் முன்சுருக்கத்தையே சொற்களை மாற்றி எழுதி முடித்தேன். பேராசிரியர் அதில் ஒரே ஒரு வாக்கியத்தை அடிக்கோடிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்த வாக்கியம், "குறுஞ்செய்தி பெற்ற குழுவில் ரத்த அழுத்தம் குறைந்ததை இந்த ஆய்வு நிறுவுகிறது" என்பது.

"இதை நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோமா?" என்று கேட்டார். "இந்தக் கட்டுரை எதை நிறுவியதாகச் சொல்கிறது என்பதை உங்கள் சொற்களில் ஐந்து வாக்கியங்களில் எழுதுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு குறிப்பையும் அதற்கு எதிரில் வைத்துப் பாருங்கள்."

சுருக்கம் என்பது பதிப்பாசிரியருக்குக் கட்டுரையை நினைவூட்டும் சம்பிரதாயப் பத்தி என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். அதை முதலில் எழுதியபோதுதான் அதன் வேலை புரிந்தது. யாரை ஆராய்ந்தார்கள், எதை எதோடு ஒப்பிட்டார்கள், எதை அளந்தார்கள், என்ன முடிவுக்கு வந்தார்கள் என்று எழுதி, கடைசி வாக்கியத்தை "கட்டுரையாளர்கள் முடிவுகூறுகின்றனர்" என்று முடித்தபோது, அந்த முடிவு எதன்மேல் நிற்கிறது என்ற கேள்வி தானாக எழுந்தது. 31 குறிப்புகளையும் பிரிப்பதற்கான அளவுகோல் அதுவே. இந்தக் குறிப்பு சரியென்றால் கட்டுரையின் முடிவு மாறுமா? மாறக்கூடும் என்றால் அது முக்கிய ஆட்சேபம். மாறாது என்றால், எத்தனை எரிச்சலோடு எழுதப்பட்டிருந்தாலும் அது சிறு திருத்தம்.

(இங்கே சொல்வழக்கு பற்றி ஒன்று. தமிழில் 'ஆசிரியர்' என்றால் கட்டுரை எழுதியவரும் ஆவார், இதழை நடத்துபவரும் ஆவார். மதிப்பாய்வு பற்றித் தமிழில் பேசும்போது இது உண்மையான குழப்பத்தைத் தருகிறது. ஆகவே கட்டுரையாளர், பதிப்பாசிரியர் என்றே பிரித்து எழுதுகிறேன்.)

அந்த அளவுகோலோடு மறுபடி படித்தபோது, தனித்தனியாகக் கிடந்த மூன்று குறிப்புகள் ஒன்றே என்று தெரிந்தது. 7ஆம் பக்கத்தில் "ஏன் முன்-பின் சோதனை?" என்று இருந்தது. அட்டவணை 3-இன் அருகில் "குழுக்களை நேரடியாக ஒப்பிடவில்லை" என்று இருந்தது. விவாதப் பகுதியில் "மிகை" என்ற ஒற்றைச் சொல். என் முதல் வரைவில் இவை மூன்று இடங்களில், ஒன்று முக்கியமானதாகவும் இரண்டு சிறியவையாகவும் சிதறியிருந்தன.

அட்டவணை 3 சொன்னது இது. குறுஞ்செய்தி பெற்ற குழுவில் சராசரி 152-இலிருந்து 144 ஆனது, 8 மி.மீ. குறைவு, பி மதிப்பு 0.01. வழக்கமான சிகிச்சை பெற்ற குழுவில் 151-இலிருந்து 146 ஆனது, 5 மி.மீ. குறைவு, பி மதிப்பு 0.08. வழக்கமாக எல்லையாகக் கொள்ளப்படும் 0.05-க்கு ஒன்று கீழே, மற்றொன்று மேலே. ஆகவே குறுஞ்செய்தி வேலை செய்கிறது என்பது கட்டுரையாளர்களின் வாதம். ஆனால் ஆய்வின் கேள்வி ஒவ்வொரு குழுவும் தன் பழைய அளவிலிருந்து குறைந்ததா என்பதன்று. ஒரு குழு மற்றொன்றைவிட அதிகமாகக் குறைந்ததா என்பதே. அந்த வேறுபாடு வெறும் 3 மி.மீ. ஒரு மதிப்பீடு எவ்வளவு நிச்சயமற்றது என்று காட்டும் திட்டப்பிழையை அவர்கள் தந்த பி மதிப்புகளிலிருந்தே பின்னோக்கிக் கணக்கிட்டால், முதல் குழுவின் மாற்றத்துக்கு ஏறத்தாழ 3.1, இரண்டாவதற்கு 2.9 வருகிறது. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் வேறுபாட்டின் திட்டப்பிழை சுமார் 4.2. அதாவது 3 மி.மீ. என்ற வேறுபாட்டின் 95 சதவீத நம்பக இடைவெளி, குறுஞ்செய்தி பெறாத குழுவே 5 மி.மீ. அதிகம் குறைந்திருக்கலாம் என்பதிலிருந்து, பெற்ற குழு 11 மி.மீ. அதிகம் குறைந்திருக்கலாம் என்பதுவரை நீள்கிறது. இந்தத் தரவை வைத்து எதையும் நிறுவ முடியாது.

இதை அறிக்கையில் எழுதும்போது நான்கு பகுதிகள் வேண்டும் என்று பேராசிரியர் சொல்லிக்கொடுத்தார்: எங்கே இருக்கிறது, என்ன சிக்கல், முடிவை அது எப்படிப் பாதிக்கிறது, எதைச் செய்தால் தீரும். நடுவில் உள்ள இரண்டையும் எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். கடைசியை விட்டுவிட்டால், கட்டுரையாளருக்குக் குறை சொன்னது மட்டும் போய்ச் சேருகிறது. ஆகவே "புள்ளியியல் தவறு" என்று நிற்காமல், தொடக்க அளவைக் கணக்கில் கொண்டு இரு குழுக்களையும் நேரடியாக ஒப்பிட்டு, வேறுபாட்டையும் அதன் நம்பக இடைவெளியையும் தரவேண்டும் என்று எழுதினோம்.

இன்னொரு குறிப்பில் நான் செய்த தவறு பெரியது. அட்டவணை 2-இன் அருகில் "104/100?" என்று மட்டும் இருந்தது. முன்சுருக்கத்தில் 104 பேர் பகுத்தாய்வில் இருந்ததாகச் சொல்லப்பட்டிருந்தது; அட்டவணையில் 47, 53 என மொத்தம் 100. எண் பிழை என்று எண்ணிச் சிறு திருத்தங்களில் வைத்தேன். ஆனால் முறையியல் பகுதியில், பாதிக்கும் குறைவான சந்திப்புகளுக்கு வந்தவர்கள் நீக்கப்பட்டார்கள் என்று ஒரு வாக்கியம் இருந்தது. அதன் கீழே அவர் மெல்லிய கோடு போட்டிருந்தார். தொடக்கத்தில் இரு குழுக்களிலும் 60 பேர் இருந்தார்கள். அட்டவணைப்படி குறுஞ்செய்திக் குழுவில் 13 பேரும் மற்றதில் 7 பேரும் இல்லை. குழுக்களாகப் பிரித்த பிறகு, ஒழுங்காக வராதவர்களை நீக்கினால், ஒரு பக்கத்தில் சிகிச்சையை ஒழுங்காகப் பின்பற்றுபவர்களே அதிகமாக மிஞ்சக்கூடும். சமவாய்ப்பு ஒதுக்கீடு தந்த சமநிலை அங்கே கலைகிறது. எண் பொருந்தாமை அந்த ஆட்சேபத்தின் வெளித்தெரிந்த நுனி. ஒதுக்கப்பட்ட எல்லோரையும் அவரவர் குழுவிலேயே வைத்துப் பகுத்தாயவும், சமவாய்ப்பு ஆய்வுகளை எப்படி எழுதவேண்டும் என்று சொல்லும் கான்சார்ட் வழிகாட்டுதல் கேட்கும் பாய்வு வரைபடத்தில் ஒவ்வொருவரும் எங்கே விலகினார்கள் என்று காட்டவும் கேட்டோம்.

மூன்றாவது ஆட்சேபத்தை நான் கண்டுபிடிக்கவே இல்லை, கேட்டுத் தெரிந்துகொண்டேன். "யார் அளந்தது?" என்று 5ஆம் பக்கத்தில் ஒரு குறிப்பு. அளந்தவரின் பதவியைக் கேட்கிறார் என்று எண்ணினேன். அளந்தவருக்கு நோயாளி எந்தக் குழு என்று தெரியுமா என்பதே அவருடைய கேள்வி. குறுஞ்செய்தி வருவதை நோயாளியிடமிருந்து மறைக்க முடியாது, அளப்பவரிடமிருந்து மறைத்திருக்கலாம். மற்றவர் குறிப்பை ஒழுங்குபடுத்தும்போது, புரியாத இடத்தில் நாமாக ஒரு பொருளை ஊகித்து எழுதினால், அறிக்கையில் அது அவருடைய கருத்தாகிவிடுகிறது. அன்றிலிருந்து ஐயம் உள்ள ஒவ்வொரு குறிப்பையும் தனிப் பட்டியலாக்கி, வரைவுக்கு முன்பே கேட்டுவிடுகிறேன். இந்த ஆட்சேபம் முதல் இரண்டையும் போன்றதன்று. முடிந்துபோன அளவீட்டை மறுபடி செய்ய முடியாது. ஆகவே தகவலைத் தெளிவாகச் சொல்லி, மறைக்கப்படவில்லை என்றால் அதை வரம்பாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்று மட்டும் எழுதினோம்.

மற்றவை விரைவாக முடிந்தன. இரண்டு குறிப்புகளுக்குக் கட்டுரையிலேயே பின்னால் விடை இருந்ததால் அவற்றை அடித்தோம். ஒன்பது எழுத்துப்பிழைக் குறிப்புகளுக்கு ஒரே வாக்கியம் போதுமாக இருந்தது. செங்குத்து அச்சு 140-இல் தொடங்கும் வரைபடம், அலகு விடுபட்ட அட்டவணை போன்றவை பக்க, வரி எண்களோடு சிறு திருத்தங்களுக்குச் சென்றன. "அடிப்படையே தெரியவில்லை" என்ற குறிப்பு எங்கும் செல்லவில்லை. அதன் காரணங்கள் முதல் ஆட்சேபத்தில் ஏற்கெனவே இருந்தன. முறையியலின் ஒரு பத்தி வேறொரு கட்டுரையை ஒத்திருக்கிறது என்ற ஐயமும், ஏற்பதா மறுப்பதா என்ற பரிந்துரையும் பதிப்பாசிரியருக்கான தனிப் பெட்டிக்குச் சென்றன. கட்டுரையாளர் படிக்கும் பகுதியில் பரிந்துரையை எழுதக்கூடாது என்று அந்த இதழின் விதியே சொன்னது. அனுப்பிய அறிக்கையில் முக்கிய ஆட்சேபங்கள் மூன்று, சிறு திருத்தங்கள் பத்து.

சில மாதங்களில் திருத்திய கட்டுரை வந்தது. நாங்கள் இட்ட எண்களின்படியே கட்டுரையாளர்கள் வரிசையாகப் பதில் எழுதியிருந்தார்கள். ஒப்புதலைத் திரும்பப் பெற்ற இருவர் தவிர 118 பேரையும் சேர்த்துக் கணக்கிட்டதில் வேறுபாடு 2 மி.மீ. ஆகச் சுருங்கியிருந்தது, முடிவுரையும் அதற்கேற்ப மாறியிருந்தது. ஆனால் இரண்டாவது ஆட்சேபத்தில், விலகியவர்களின் விடுபட்ட அளவுகளை எப்படி ஈடுசெய்தார்கள் என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. எங்கள் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். அந்தக் கேள்வியை நான்தான் பாய்வு வரைபடம் பற்றிய நீண்ட வாக்கியத்தின் வாலில் ஒட்டவைத்திருந்தேன். இரண்டாம் சுற்று அறிக்கையில் அதற்குத் தனி எண் கொடுத்து, அது ஒன்றை மட்டும் கேட்டோம்.