இரண்டரை பவுன், ஐந்து பவுன்: வளைகுடாவிலிருந்து நகையோடு ஊர் திரும்பிய கணக்கு

கீழக்கரைப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: "ஆம்பளைக்கு ரெண்டரை பவுன், பொம்பளைக்கு அஞ்சு பவுன், அதுவரைக்கும் கஸ்டம்ஸ்ல ஒண்ணும் கேக்க மாட்டாங்க." சார்ஜாவில் எங்கள் அறையிலும் இதே பேச்சுதான். முழுப் பொய் இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு வரும் ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம் நகை வரியில்லாமல் உண்டு. எட்டு கிராம் ஒரு பவுன் என்றால் இரண்டரையும் ஐந்தும் சரியாகவே வருகிறது. ஆனால் 2025 தொடக்கத்தில் நானும் மனைவியும் மொத்தமாக ஊர் திரும்பியபோது அந்த விதிக்கு ஒரு வாலும் இருந்தது. ஆணுக்கு 20 கிராம்தான், ஆனால் மதிப்பு 50,000 ரூபாய்க்குள். பெண்ணுக்கு 40 கிராம்தான், ஆனால் ஒரு லட்சத்துக்குள். 2016-இல் எழுதிய விதி அது. அன்றைய விலைக்கு ஒரு லட்சத்துக்கு ஐந்து பவுன் வராது என்றாலும், ஏதோ கிட்டத்தில் நின்றது. நாங்கள் வந்த சமயத்தில் ஒரு லட்சத்துக்கு இரண்டு பவுன்கூடத் தேறவில்லை.

இதைத் தெரிந்துகொண்டுதான் கிளம்பினோம். அதனால் வரிக்குரிய பொருள் வைத்திருப்பவர்கள் போகிற சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிடுவது என்று முதலிலேயே முடிவு. மனைவியிடம் இருந்த நகையை மூன்று பங்காகப் பிரித்து வைத்தேன்.

முதல் பங்கு, ஊரிலிருந்து கொண்டுபோன கல்யாண நகை. கருகமணி, இரண்டு காப்பு, ஒரு நெக்லஸ், ஒரு சங்கிலி. மனைவி என்னிடம் வந்து சேரக் கிளம்பியபோது என் லாத்தா பிடிவாதமாக நின்று ஒரு வேலை செய்ய வைத்தார். விமானம் ஏறும் முன் கஸ்டம்ஸில் நகையைக் காட்டி, ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கச் சொன்னார். எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் என்றால்தான் அங்கே எல்லாருக்கும் புரியும். இந்த நகை இந்தியாவிலிருந்து போகிறது, திரும்ப வரும்போது வரி கேட்க வேண்டாம் என்பதற்கான காகிதம் அது. அதற்காகக் கொஞ்சம் முன்கூட்டியே விமான நிலையம் போக வேண்டும். ராமநாதபுரத்தில் நகை வாங்கிய கடை ரசீதும், ஒவ்வொரு நகையையும் தனியாக எடுத்த படமும் கையில் இருந்ததால் வேலை சீக்கிரம் நடந்தது. அப்போது 'இதெல்லாம் எதுக்கு' என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

இரண்டாவது பங்கு, அங்கே வாங்கியது. எட்டு கிராம் வீதம் ஆறு வளையல், 48 கிராம். இதோடு 16 கிராமில் ஒரு சங்கிலி. இந்தச் சங்கிலிக்கு ஒரு கதை உண்டு. சான்றிதழில் எழுதியிருந்த பழைய சங்கிலி அறுந்துபோய், அதைத் துபாயில் கொடுத்து, மேலே கொஞ்சம் பணம் போட்டு மாற்றிய புதுச் சங்கிலி இது. 'அதே தங்கம்தானே, சான்றிதழில் ஒரு சங்கிலி இருக்கிறது, நம் கையிலும் ஒரு சங்கிலி இருக்கிறது' என்று மனைவி சொன்னார். ஆனால் சான்றிதழ் எடைக்குத் தரப்படுவதில்லை, குறிப்பிட்ட அந்த நகைக்குத் தரப்படுவது. உருக்கினாலோ மாற்றினாலோ அதன் பாதுகாப்பு போய்விடும். அதனால் அதைப் புது நகைப் பக்கம் சேர்த்தேன்.

மூன்றாவது, கல் வைத்த ஒரு ஜோடித் தோடு. சின்னதுதான், நாற்பதாயிரம் ரூபாய் மதிப்பு வரும். ஏன் தனியாக வைத்தேன் என்பது வரிக்கணக்கில் தெரியும்.

மதுரையில் இறங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு சிவப்பு வழியில் போனோம். அதிகாரி கேட்ட முதல் கேள்வி நகையைப் பற்றி இல்லை. "யாராவது குடுத்துவிட்டதா?" இல்லை என்று ரசீதுகளை நீட்டினேன். எல்லாம் எங்கள் பெயரில், பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்திலேயே இருந்தன. கடையில் வாங்கும்போதே இதைப் பார்த்துக்கொள்வது நல்லது; வீட்டுச் செல்லப் பெயரை எழுதிக்கொடுக்கும் கடைகள் உண்டு. எங்கள் கடற்கரையில் அடுத்தவர் தங்கத்தைக் கூலிக்குக் கொண்டுவரும் குருவி வேலை பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்பது அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஊர்ப் பெயரைப் பார்த்ததும் அந்தக் கேள்வி வருவதில் கோபப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் நகையை எடைபோட்டு மதிப்பிடும் அப்ரைசர் வந்தார். மனைவி போட்டிருந்ததையும் கழற்றச் சொன்னார்கள். 'மேலே போட்டுக்கொண்டு வந்தால் கணக்கில் வராது' என்பது ஊரில் ஓடும் இன்னொரு பேச்சு. புது நகை கையில் இருந்தாலும் பெட்டியில் இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். கருகமணியைத் தட்டில் வைத்தார், சான்றிதழில் உள்ள எடையோடு பொருந்தவில்லை. கால் கிராம் குறைந்தது. கொக்கி ஒரு தடவை உடைந்து சார்ஜாவில் ஒட்டவைத்திருந்தோம்; தினமும் போடுகிற நகை, தேய்மானமும் இருக்கும். அவர் பேசாமல் பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டு கருமணிக்கு நடுவே வரும் குண்டின் வடிவத்தைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து ஒப்பிட்டார். "அதே பொருள்தான்" என்று எழுதினார். அந்த இடத்தில் எடையைவிடப் படம்தான் காப்பாற்றியது. சான்றிதழ் வாங்குகிறவர்கள் நகை முழுவதையும் ஒரே தட்டில் குவித்துப் படம் எடுக்காமல், ஒவ்வொன்றையும் அதன் வேலைப்பாடு தெரியும்படி எடுத்து வையுங்கள்.

பழைய சங்கிலி எங்கே என்று கேட்டார். மாற்றியதைச் சொல்லி ரசீதைக் காட்டினேன். சான்றிதழில் அந்த வரிக்கு நேரே ஒரு குறிப்பு எழுதிவிட்டு மேலே போனார்.

இனி வரி. கடைசியாக ஆறு மாதமாவது வெளிநாட்டில் இருந்துவிட்டு வரும், இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர், ஒரு கிலோ வரை தங்கத்தைச் சலுகை வரியில் கொண்டுவரலாம். 2024 ஜூலை பட்ஜெட்டுக்குப் பிறகு அந்தச் சலுகை வரி 6 சதவீதமாக இறங்கியிருந்தது. சலுகை இல்லாதவருக்கு 38.5 சதவீதம். இந்தச் சலுகையில் கல்லோ முத்தோ பதித்த நகை சேராது. அதனால்தான் தோட்டைத் தனியாக வைத்தேன். மனைவியின் ஒரு லட்ச ரூபாய் இலவச வரம்பில் முதலில் தோட்டைக் கழித்துக்கொள்ளும்படி கேட்டேன், ஒத்துக்கொண்டார்கள். மீதி 60,000 ரூபாய் வரம்பு வளையலுக்கும் சங்கிலிக்கும் போனது.

மதிப்புப் போடுவது கடை ரசீதை வைத்து இல்லை. தங்கத்துக்கு அரசு அவ்வப்போது அறிவிக்கும் சுங்க மதிப்பு ஒன்று இருக்கிறது, பத்து கிராமுக்கு இத்தனை டாலர் என்று. அதைச் சுங்கத்துறையின் மாற்று விகிதத்தில் ரூபாயாக்குவார்கள். செய்கூலி இதில் வராது என்பதால் நமக்கு லாபமே. கணக்கு எளிதாக இருக்க, எங்கள் நகைக்குக் கிராம் 7,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ அவ்வளவுதான் வந்தது. 64 கிராமுக்கு 4,48,000. அதில் 60,000 கழித்தால் 3,88,000. அதற்கு 6 சதவீதம் 23,280 ரூபாய். இதே தொகைக்கு 38.5 சதவீதம் போட்டால் ஒன்றரை லட்சத்தைத் தொடும்.

"பாதி வளையலை நீங்க வச்சுக்குங்க, உங்க பங்கும் இருக்குல்ல" என்று விமானத்திலேயே மனைவி யோசனை சொன்னார். ஒருவர் வரம்பை இன்னொருவர் நகைக்குச் சேர்க்க விட மாட்டார்கள். அதுவும் மனைவி கை அளவு வளையலை நான் என்னுடையது என்று எப்படிச் சொல்வது?

பணம் கட்டும் இடத்தில் பலர் தடுமாறுவதைப் பார்த்தேன். சலுகை வரியை ரூபாயில் கட்ட முடியாது, வெளிநாட்டுப் பணமாகத்தான் கட்ட வேண்டும். கிளம்பும் முன் கையிலிருந்த திர்ஹம் எல்லாவற்றையும் ஊருக்கு அனுப்பிவிட்டு வெறுங்கையோடு வருகிறவர்களுக்கு இங்கேதான் சிக்கல். நான் தனியாக ஓர் உறையில் எடுத்து வைத்திருந்தேன். ஏறத்தாழ ஆயிரம் திர்ஹத்தில் முடிந்தது.

அந்த ஆறு மாதக் கணக்கில் என் மச்சான் மாட்டிக்கொண்டதையும் சொல்ல வேண்டும். இடையில் ஊருக்கு வந்து போன நாட்கள் மொத்தம் முப்பதுக்குள் இருந்தால் அதைப் பெரிதாக எடுக்க மாட்டார்கள். அந்த வரவுகளில் இந்தச் சலுகையைப் பயன்படுத்தியிருக்கவும் கூடாது. அவர் தங்கச்சி கல்யாணத்துக்கு வந்து ஒன்றரை மாதம் இருந்துவிட்டுப் போனார். போய் நாலு மாதத்தில் கம்பெனி ஆளைக் குறைத்தது, கையில் இருந்ததைத் தங்கமாக்கிக்கொண்டு வந்தார். எத்தனையோ வருஷம் அங்கே இருந்தவர்தான், ஆனால் பாஸ்போர்ட் முத்திரையைப் பார்த்ததும் 6 சதவீதம் போய் 38.5 வந்துவிட்டது. இரண்டு மாதம் பொறுத்து வந்திருந்தால் தப்பியிருப்பார். வேலை போனவர் விசாவோடு எப்படிப் பொறுப்பார் என்பது வேறு விஷயம்.

வரி கட்டிய ரசீதை நகைப் பெட்டியில் போடாமல் வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன். நம் கடற்கரைக்கு இது ரொம்ப அவசியம். மண்டபம், வேதாளை பக்கம் இலங்கையிலிருந்து படகில் வந்த தங்கம் பிடிபட்டது என்று அடிக்கடி செய்தி வருகிறது. கடத்தல் தங்கம் என்று நியாயமான சந்தேகத்தில் பிடித்தால், அது கடத்தல் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பைச் சுங்கச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு வைத்திருப்பவர் தலையில் போடுகிறது. காகிதம் இருந்தால் ஒரு நிமிஷப் பேச்சு.

2026 பிப்ரவரியில் வந்த புது பேகேஜ் விதியில் அந்த 50,000, ஒரு லட்சம் என்ற பண வரம்பை எடுத்துவிட்டார்கள். எடை மட்டும்தான்: பெண்ணுக்கு 40 கிராம், மற்றவர்களுக்கு 20. ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே இருந்திருக்க வேண்டும் என்பது அப்படியே நிற்கிறது. எங்கள் அறையில் சொன்ன ரெண்டரை, அஞ்சு பவுன் கணக்கு இப்போதுதான் சரியாகியிருக்கிறது. அன்றைக்கு இந்த விதி இருந்திருந்தால் தோட்டைக் கழித்த பிறகும் மனைவிக்கு நாலு வளையல் வரியில்லாமல் வந்திருக்கும். ஆனால் வரி விகிதம் எந்தப் பட்ஜெட்டிலும் மாறக்கூடியது, டிக்கெட் போடும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.