பாஸ்போர்ட் விண்ணப்பமும் ஆவணப் பட்டியலும்: இரண்டு ஸ்கிரீன்ஷாட்டை ஒப்பிட்டதில் தெரிந்தவை

அம்மாவுக்கு முதல் பாஸ்போர்ட். அவர் ஏற்காட்டில் தம்பி வீட்டில் இருக்கிறார், நான் சேலத்தில். ஃபார்மைப் பூர்த்தி செய்து பணம் கட்டியது, தம்பி வழக்கமாகப் போகும் ஒரு பிரவுசிங் சென்டர். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குச் சாதாரண முறையில் போடும் புதிய விண்ணப்பத்தில் பத்து சதவீதம் கழிவு உண்டு, அதனால் 1500 ரூபாய்க்குப் பதில் 1350. இதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது.

அப்பாயின்ட்மென்ட் அன்று இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, குமட்டலோடு வந்து சேர்ந்தார் அம்மா. கவுன்டரில் இருந்தவர் ஆதாரைப் பார்த்தார், ஃபார்மைப் பார்த்தார். "அட்ரஸ் மேட்ச் ஆகலை. சரி பண்ணிட்டு வாங்க." அவ்வளவுதான். வேறு ஏதாவது சரி செய்ய வேண்டுமா என்று கேட்டதற்குப் பதில் இல்லை, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். ஃபார்மில் ஏற்காடு முகவரி, ஆதாரில் அம்மாப்பேட்டை பழைய வீட்டு முகவரி. ஒரு தவறைச் சொல்லித் திருப்பி அனுப்பினால், அதைச் சரி செய்துகொண்டு போகும்போது அடுத்ததைச் சொல்வார்கள். மறுபடியும் அந்த மலையில் அம்மாவை இறக்கி ஏற்ற எனக்கு மனமில்லை.

பிரவுசிங் சென்டரிலிருந்து இரண்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொன்னேன். ஒன்று பூர்த்தி செய்த ஃபார்ம், இன்னொன்று என்னென்ன ஆவணம் வேண்டும் என்ற பட்டியல். வாட்ஸப்பில் படமாக வந்ததில் எழுத்தெல்லாம் கலங்கியிருந்தது, i எது l எது என்றே தெரியவில்லை. டாக்குமென்டாக அனுப்பச் சொல்லித் திரும்ப வாங்கினேன். ஃபார்ம் நீளமானது என்பதால் துண்டு துண்டாக எடுத்திருந்தார்கள், நடுவில் ஒரு துண்டையே காணோம். ஒவ்வொரு துண்டின் கடைசி வரியும் அடுத்த துண்டின் முதல் வரியாக வருகிறதா என்று பார்த்தால்தான் இது தெரியும். காணாமல் போன அந்தத் துண்டில்தான் ஒரு தவறு உட்கார்ந்திருந்தது.

முதலில் பட்டியலைப் பார்த்தேன். அதில் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கேட்டிருந்தது. அம்மா படித்தது ஐந்தாவது வரை. ஃபார்மில் Non-ECR, அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி தேவைப்படாத பிரிவா என்ற கேள்விக்கு No என்று போட்டிருந்தார்கள். சான்றிதழ் இல்லை, அதனால் No. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் பொருந்துகிற மாதிரிதான் இருந்தது. ஆனால் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் படிப்பு எதுவாக இருந்தாலும் Non-ECR பிரிவில் வருவார்கள், வயதுச் சான்றே போதும். அறுபது தாண்டிய ஒருவரிடம் எதற்குப் பத்தாம் வகுப்பு கேட்கிறது?

பட்டியல் அம்மாவுடையதே இல்லை. பாஸ்போர்ட் தளத்தில் இருக்கும் Document Advisor, நாம் கொடுக்கும் பதில்களை வைத்துத்தான் பட்டியல் தரும். புதிதா மறுவெளியீடா, சாதாரணமா தட்கலா, வயது என்ன என்பதைப் பொறுத்துப் பட்டியல் மாறும். சென்டர்காரர் எப்போதோ ஒரு கல்லூரிப் பையனுக்காக எடுத்த படத்தை போனில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் அதையே அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் படத்துக்குத் தகுந்தபடி அம்மாவின் ஃபார்மை வளைத்திருக்கிறார். ஆகவே ஒப்பிடுவதற்கு முன்னால், பட்டியல் யாருக்கானது என்று பாருங்கள். பட்டியலின் மேல்பகுதி வெட்டுப்பட்டிருந்தால் அதை நம்பவே வேண்டாம். நான் அம்மாவின் விவரங்களைக் கொடுத்துப் புதுப் பட்டியல் எடுத்தேன்.

இப்போது ஒப்பிடும் வேலை. பட்டியலில் "தற்போதைய முகவரிச் சான்று" என்று பொதுவாகத்தான் இருக்கும். அதையும் ஃபார்மையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாமே சரியாகத்தான் தெரியும். பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் நாம் காட்டப்போகும் அசல் தாளை எடுத்து வைத்து, அந்தத் தாளில் உள்ளதையும் ஃபார்மில் உள்ளதையும் எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். பிறந்த தேதிக்கு பான் கார்டை வைத்தேன். ஆதாரில் பிறந்த வருடம் மட்டுமே இருந்ததால் அது உதவாது. பான் கார்டில் தேதி, ஃபார்மில் தேதி, இரண்டும் ஒன்று. பெயர் பான் கார்டில் PALANIAMMAL, ஃபார்மிலும் அதே. முகவரி வரிக்கு ஆதாரை எடுத்தேன். அதில் PALANIYAMMAL. ஒரு Y கூடுதல்!

கவுன்டரில் முகவரியோடு நிறுத்திக்கொண்டதால் இது அன்று வெளியே வரவில்லை. ஆதாரில் முகவரியை மட்டும் மாற்றிக்கொண்டு போயிருந்தால், அடுத்த முறை இந்த Y-க்காகத் திரும்பியிருப்போம்.

ஃபார்ம் பக்கம் சரி, ஆதார் பக்கம்தான் தவறு என்பதால் ஆதாரில் இரண்டையும் ஒரே நேரத்தில் திருத்தினோம். பெயருக்கு பான் கார்டைக் காட்டினோம். முகவரிக்கு அம்மா பெயரில் ஏற்காட்டில் ஒரு பில்லும் கிடையாது. தம்பியைக் குடும்பத் தலைவராக வைத்து முகவரி மாற்றும் வழி இருக்கிறது, உறவைக் காட்ட இருவர் பெயரும் உள்ள ரேஷன் கார்டு. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், அதனால் திருத்தச் சீட்டில் ஸ்பெல்லிங்கைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொன்று. பட்டியலோடு என்னதான் ஒப்பிட்டாலும் சிக்காத தவறும் இருக்கிறது. காணாமல் போன துண்டை வாங்கிப் பார்த்தபோது, முகவரி ஏற்காடு, பின்கோடு 636601, ஆனால் Police Station என்ற இடத்தில் சேலம் நகரத்து ஸ்டேஷன். அதற்கு எந்த ஆவணமும் கேட்பதில்லை, பட்டியலில் அப்படி ஒரு வரியே கிடையாது. ஆனால் போலீஸ் விசாரணைக்குப் பேப்பர் போவது அந்த ஸ்டேஷனுக்குத்தான். அவர்கள் தங்கள் பகுதியில் ஆளைத் தேடினால் "இங்கு வசிக்கவில்லை" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். அதனால் பட்டியல் முடிந்ததும், ஃபார்மை மட்டும் தனியாக ஒரு தடவை, ஒரு கட்டம் இன்னொரு கட்டத்தோடு முரண்படுகிறதா என்று படித்துவிடுங்கள். பிறந்த ஊர், துணைவர் பெயர், பின்கோடு, ஸ்டேஷன் எல்லாம் இதில்தான் அடங்கும்.

சமர்ப்பித்த ஃபார்மை ஆன்லைனில் நாம் திருத்த முடியாது. ஆனால் பயந்து புது ஃபார்ம் போட்டு மறுபடி பணம் கட்ட வேண்டியதில்லை, அப்பாயின்ட்மென்ட் தேதியை மட்டும் மாற்றிக்கொண்டு நேரில் சொல்லித் திருத்தலாம். பிரவுசிங் சென்டரில் "புதுசா போட்டாத்தான் ஆகும் அண்ணா" என்றார்கள். கேட்கவில்லை. ஃபார்மின் பிரிண்டில் Non-ECR, Police Station இரண்டையும் சிவப்பு மையில் வட்டமிட்டு, பக்கத்தில் சரியான பதிலை எழுதி எடுத்துப் போனேன்.

இந்த முறை கவுன்டரில் வேறொருவர், ஒரு அம்மையார். நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் வட்டங்களைப் பார்த்து, "இவ்வளவுதானே?" என்று திரையிலேயே மாற்றினார். பெயரையும் முகவரியையும் தாள்களில் விரல் வைத்துப் பார்த்தார். கையெழுத்துப் போடும் முன் திருத்திய விவரத்தைக் காட்டச் சொன்னேன், முகம் சுளிக்காமல் திரையைத் திருப்பிக் காட்டினார். Non-ECR கேள்விக்கு Yes, ஸ்டேஷன் ஏற்காடு. விசாரணைக்கு ஏற்காடு ஸ்டேஷனிலிருந்தே போன் வந்தது.