16 உறுப்புகள் கொண்ட புலம்: கொப்பியில் கட்டிப் பார்த்தது

வேலை இதுதான்: சரியாக 16 உறுப்புகள் உள்ள ஒரு புலத்தைக் கட்டி, அதற்குள் பெருக்கல், வகுத்தல் இரண்டையும் பிழையில்லாமல் செய்ய வேண்டும். புலம் என்றால் கூட்டல், கழித்தல், பெருக்கல், 0 அல்லாததால் வகுத்தல் நான்கும் தனக்குள்ளேயே நடக்கும் தொகுதி. 16 ஆல் வகுத்த மீதிகளை எடுத்தால் போதாதா என்று முதலில் தோன்றும். போதாது. அங்கே 4 × 4 = 0 ஆகிவிடுகிறது; 4 ஆல் வகுக்க வழியில்லை. ஆகவே குணகங்கள் 0, 1 மட்டுமே உள்ள பல்லுறுப்பிகளை எடுத்து, படி 4 உடைய ஒன்றால் வகுத்து மீதியை வைத்துக்கொள்கிறோம். உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தவர்களுக்கு இந்த நீள்வகுத்தல் பழக்கமானதே. 1 + 1 = 0 என்பது மட்டும் புதிது. அதனால் கழித்தலும் கூட்டலும் ஒன்றே.

வெள்ளவத்தையில் வாங்கிய சதுரக் கட்டக் கொப்பி இதற்கு நல்ல வசதி. ஒரு கட்டத்துக்கு ஒரு குணகம் எழுதினால், x³+x+1 என்பது 1011, அதாவது 11.

எதனால் வகுப்பது என்பதில்தான் முதல் சறுக்கல். x⁴+x²+1 இல் 0 இட்டாலும் 1 இட்டாலும் விடை 1, மூலமே இல்லை. மீதித் தேற்றத்தை மட்டும் நம்பினால் இது காரணிப்படாது என்று முடிவுகட்டிவிடுவோம். ஆனால் மூலம் இல்லாதது படி 2, 3 வரைதான் போதுமான சாட்சி. படி 4 இல் இரண்டு இருபடிகளாக உடையும் ஆபத்து இருக்கிறது. இங்கே அதுதான் நடக்கிறது: (x²+x+1)² = x⁴+x²+1. அட்டவணை போட்டால் 7 × 7 = 0 என்று வந்து நிற்கும்; 7 இன் வரிசையில் 1 எங்கும் இராது. இதைவிடச் சீக்கிரமான அறிகுறியும் உண்டு. x இன் அடுக்குகளை எழுதிக்கொண்டே போனால் x⁶ இல் 1 வந்துவிடுகிறது. புலமாக இருந்தால் அந்த எண், 0 தவிர்ந்த உறுப்புகளின் எண்ணிக்கையான 15 ஐ வகுக்க வேண்டும், 6 வகுக்காது.

படி 2 இல் உடையாதது x²+x+1 ஒன்றே. ஆகவே மூலமில்லாத நான்கு நாற்படிகளில் அதன் வர்க்கத்தை நீக்கினால் மூன்று மிஞ்சும்: x⁴+x+1, x⁴+x³+1, x⁴+x³+x²+x+1. மூன்றுமே புலம் தரும். ஆனால் மூன்றாவதில் x⁵ = 1 ஆகிவிடுவதால், x இன் அடுக்குகளில் ஐந்து உறுப்புகளே கிடைக்கும். புலத்தில் குறையில்லை, x தான் அங்கே 0 தவிர்ந்த எல்லா உறுப்பையும் தன் அடுக்குகளால் தரும் பிறப்பாக்கி இல்லை. x+1 ஐ எடுத்தால் பதினைந்தும் வரும். கையால் கணக்கிட x⁴+x+1 சுகம். x⁴ வரும் இடத்தில் x+1 போட்டால் முடிந்தது.

அடுக்குகள் x⁰ இலிருந்து வரிசையாக: 1, 2, 4, 8, 3, 6, 12, 11, 5, 10, 7, 14, 15, 13, 9. அடுத்தது மறுபடி 1.

ஒரு பெருக்கல்: 11 × 6. விரித்தால் x⁵+x⁴+x³+x. x⁵ = x²+x, x⁴ = x+1 என்று இட்டால் x³+x²+x+1, அதாவது 15. பட்டியலில் 11 = x⁷, 6 = x⁵; கூட்டினால் x¹², அதுவும் 15.

11 இன் நேர்மாறை யூக்ளிட் முறையில் பார்ப்போம். x⁴+x+1 ஐ x³+x+1 ஆல் வகுத்தால் ஈவு x, மீதி x²+1. x³+x+1 ஐ அந்த மீதியால் வகுத்தால் மறுபடி ஈவு x, மீதி 1. பின்னோக்கிப் போனால்:

1 = (x²+1)(x³+x+1) + x(x⁴+x+1)

இரண்டாம் உறுப்பு நம் புலத்தில் பூச்சியம். ஆகவே நேர்மாறு x²+1, அதாவது 5. பட்டியலிலும் x⁷ × x⁸ = x¹⁵ = 1.

கணினியில் சரிபார்க்க இவ்வளவு போதும்:

```python
def mul(a, b):
    r = 0
    while b:
        if b & 1:
            r ^= a
        a <<= 1
        if a & 16:
            a ^= 19
        b >>= 1
    return r
```

19 என்பது 10011, அதாவது முழு x⁴+x+1. அங்கே 3 என்று போட்டால் x⁴ நீங்காமல் நின்று, 15 க்கு மேற்பட்ட விடைகள் வரும். அது கண்ணுக்குத் தெரிகிற பிழை. தெரியாத பிழை அடுக்குப் பட்டியலில் இருக்கிறது: அடுக்குகளைக் கூட்டியபின் 15 ஆல் மீதி எடுக்க வேண்டும், 16 ஆல் அல்ல. 14 × 7 இல் 11 + 10 = 21; சரியாகச் செய்தால் x⁶ = 12, தவறினால் x⁵ = 6. இரண்டுமே பார்வைக்கு நல்ல விடைகள். அதோடு 11 × 6 போன்ற சிறிய கூட்டுத்தொகைகளில் இந்தப் பிழை வெளிப்படாது. எல்லா 256 பெருக்கங்களையும் `mul` உடன் ஒப்பிட்டால்தான் பிடிபடும். 0 க்கு அடுக்கே கிடையாது, அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

பட்டியலை ஐந்தைந்தாகத் தாண்டினால் 1, 6, 7 கிடைக்கும். 0 ஐயும் சேர்த்தால் கூட்டலும் பெருக்கலும் இந்த நான்குக்குள்ளேயே அடங்குகின்றன: 6 + 7 = 1, 6 × 6 = 7, 6 × 7 = 1. புலத்துக்குள் 4 உறுப்புள்ள இன்னொரு புலம். 8 உறுப்புள்ளதைத் தேடிப் பயனில்லை, 7 ஆல் 15 வகுபடாது.