ஒரு பம்பு ஷாஃப்ட்டும் அதன் அரை வடிவமும்: பட்டறை நாட்குறிப்பு

2025 ஜூன் 2, திங்கள்

புது ஷாஃப்ட் ஒன்று வந்திருக்கிறது. இ.என். 8, 32 மி.மீ. கம்பியிலிருந்து கடைய வேண்டும். வலது முனையில் இம்பெல்லர் உட்காரும் 16 விட்டம், 30 நீளம். அடுத்து 6204 பேரிங்குக்கான 20 விட்டம், அதில் சர்க்ளிப் குரூவ். அதற்கப்புறம் 28 விட்டத்தில் காலர். அதன் முகம்தான் பேரிங் முட்டி நிற்கும் ஷோல்டர்.

ஃப்ரீகேடில் ஸ்கெட்ச் தொடங்கினேன். லேத் வேலைக்கு நான் எப்போதும் பாதி வடிவம் மட்டும்தான் வரைவேன், மேல் பாதி. படிகளை வரைந்து, அடிக்கோட்டை மைய அச்சின் மேலேயே படுக்க வைத்து மூடிவிட்டு `Revolution` கொடுத்தால் ஷாஃப்ட் வந்துவிடும். அடிக்கோடு அச்சில் ஒட்டாமல் 0.01 மேலே நின்றுவிட்டால் மென்பொருள் குறை சொல்லாது, ஆனால் ஷாஃப்ட்டின் நடுவே ஊசித் துளை ஒன்று முழு நீளத்துக்கும் ஓடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, முனை முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

பாதி வடிவம் என்பதால் ஸ்கெட்சில் வருவது ஆரம். வரைபடத்தில் இருப்பதும் மைக்ரோமீட்டர் காட்டுவதும் விட்டம். மனக்கணக்கில் பாதியாக்கி 10, 8, 14 என்று தட்டுவதை விட்டுவிட்டேன். விட்டங்களை ஒரு அட்டவணையில் பெயர் கொடுத்து எழுதிவிட்டு ஸ்கெட்சில் இப்படிக் கொடுக்கிறேன்:

```
Spreadsheet.D_brg / 2
```

இனி விட்டத்தை மாற்ற அட்டவணையை மட்டும் தொட்டால் போதும்.

ஜூன் 3, செவ்வாய்

இன்று முழுக்க ஒரே விஷயம்: அட்டவணையில் 20 என்று எழுதுவதா, வேறு எண்ணா?

வரைபடத்தில் பேரிங் இடம் 20 k6. அதாவது 20.002 முதல் 20.015 வரை. இம்பெல்லர் இடம் 16 h6, 15.989 முதல் 16.000 வரை. மாடலில் வெறும் 20, 16 என்று வைத்தால் கேம் மென்பொருளும் X20.0, X16.0 என்றே நிரலை எழுதும். மெஷினில் ஆஃப்செட் கூட்டிக் குறைத்துப் பிடித்துக்கொள்ளலாம் என்று போன மாதம் ஒரு ஷாஃப்ட்டில் இப்படித்தான் விட்டேன். பேரிங் இடம் 20.008 வரும்படி ஆஃப்செட் போட்டதும் 16 விட்டம் 16.007 ஆகிவிட்டது. அதைக் குறைத்தால் பேரிங் இடம் 20-க்கும் கீழே போகிறது. இரண்டையும் அதே டூல்தான் கடைகிறது, ஆஃப்செட் இரண்டையும் சேர்த்தேதான் நகர்த்தும். ஒன்றுக்குக் கூட்டல் மட்டும் வேண்டும், மற்றொன்றுக்குக் கழித்தல் மட்டும் வேண்டும், அப்படியானால் இரண்டுக்கும் பொருந்தும் ஆஃப்செட் என்று ஒன்று கிடையவே கிடையாது. ஒரு பகல் அதில் போயிற்று.

அதனால் இந்த முறை இரண்டு விட்டங்களையும் அவற்றின் எல்லைகளின் நடுவில் வைத்திருக்கிறேன்:

```
D_brg = 20.0085 mm
D_imp = 15.9945 mm
```

வரைபடத் தாளில் 20 k6 என்றே இருக்கும். மாடல் மட்டும் நடுப்புள்ளியில். இப்போது ஒரே ஆஃப்செட் இரண்டையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும்.

ஜூன் 5, வியாழன்

குரூவ். 20 ஷாஃப்ட்டுக்கான சர்க்ளிப் 1.2 தடிமன், குரூவ் 1.3 அகலம், அடி விட்டம் 19. இதை முதன்மை ஸ்கெட்சில் வரையாமல் தனி ஸ்கெட்சாக வைத்து `Groove` கொண்டு வெட்டினேன். காரணம் கேம். குரூவ் வடிவத்தோடு சேர்ந்திருந்தால் ஃபினிஷிங் பாதை அதற்குள்ளும் இறங்கப் பார்க்கும், சாதாரண டர்னிங் இன்சர்ட் 1.3 அகலத்துக்குள் போகவே போகாது. தனியாக இருந்தால் குரூவ் இல்லாத ஒரு ஸ்டெப் கோப்பை டர்னிங்குக்குக் கொடுத்துவிட்டு, குரூவை 1.3 இன்சர்ட்டுக்குத் தனிப் பாதையாகக் கொடுக்கலாம்.

ஷோல்டர் மூலையில் R0.6 போட்டேன். ஃபினிஷிங் இன்சர்ட்டின் மூக்கு 0.4. மாடலில் கூர் மூலை விட்டாலும் வேலையில் 0.4 வளைவு தானாக விழும், ஆனால் டூல் அங்கே போய் முட்டித் திசை மாறும். மூக்கைவிடச் சற்றுப் பெரிய வளைவு இருந்தால் வழுக்கிக்கொண்டு திரும்பும். மேல் எல்லையை பேரிங் தீர்மானிக்கிறது: 6204-இன் மூலைச் சரிவு குறைந்தது 1.0, அதனால் ஷாஃப்ட்டின் வளைவு 1.0-ஐத் தாண்டவே கூடாது. தாண்டினால் பேரிங் வளைவின் மேல் ஏறி நிற்கும், முகம் ஷோல்டரைத் தொடாது.

ஜூன் 6, வெள்ளி

முதல் துண்டு வந்தது. டர்னர் அண்ணன் பேரிங்கைப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, சர்க்ளிப் விழமாட்டேங்குது. குரூவ் பாதிதான் தெரியுது, பாருங்க."

பார்த்தேன். பேரிங் ஷோல்டரில் நன்றாக முட்டியிருக்கிறது, 0.05 ஃபீலர்கூட நுழையவில்லை. ஆனால் குரூவின் ஏறக்குறைய பாதி பேரிங்குக்கு அடியில் ஒளிந்திருக்கிறது.

தப்பு என்னுடையது. நேற்று குரூவின் வெளிச்சுவரை 16 விட்டம் முடியும் படியிலிருந்து 3.3 என்று அளவு வைத்திருந்தேன். அப்போது பேரிங் இடத்தின் நீளம் 18.5, மீதி 15.2, எல்லாம் சரி. மாலையில் வாடிக்கையாளர் நீளத்தை 18 ஆக்கச் சொன்னார். மாற்றியதும் குரூவ் படியோடு சேர்ந்து நகர்ந்து, ஷோல்டரிலிருந்து 14.7-க்கு வந்துவிட்டது. பேரிங் 14, சர்க்ளிப் 1.2, ஆக 15.2 இடம் வேண்டும். அரை மில்லி குறைந்தால் எப்படி விழும்? மென்பொருள் எந்தச் சிவப்பும் காட்டவில்லை, வடிவம் வடிவமாகத்தான் இருந்தது.

சர்க்ளிப்பை பேரிங் வெளிப்பக்கம் தள்ளும்போது அதைத் தாங்குவது வெளிச்சுவர். அந்தச் சுவரின் அளவு ஷோல்டரிலிருந்துதான் வர வேண்டும், ஏனென்றால் பேரிங் உட்காருவதும் அங்கிருந்துதான். ஸ்கெட்சில் அந்த 3.3-ஐ அழித்துவிட்டு ஷோல்டர் முகத்திலிருந்து 15.2 என்று கட்டினேன். வரைபடத்தில் 15.2 +0.1. கூடுதல் பக்கம் மட்டும், குறைய இடமே இல்லை. படிக்கு இப்போது 2.8 மிச்சம், இந்த அளவுக்குக் குறைந்தது 1.5 வேண்டும், அதனால் கவலை இல்லை.

ஜூன் 9, திங்கள்

மாடலைத் திறந்ததும் இன்னொன்று கண்ணில் பட்டது. பேரிங் நுழையும் முனையில் கடைசியாக 1×45° சேம்ஃபர் போட்டிருந்தேன். குரூவை நகர்த்தியதும் அது முனையில் இல்லை, குரூவின் வெளிச்சுவர் விளிம்பில் போய் உட்கார்ந்திருக்கிறது! `Edge7` என்று எண்ணால் பிடித்த விளிம்பு, வடிவம் மாறியதும் எண் வேறு விளிம்புக்குப் போய்விட்டது. அப்படியே கடைந்திருந்தால் 0.5 ஆழமுள்ள குரூவின் சுவர் முழுக்கச் சரிவாகியிருக்கும், பேரிங் தள்ளினால் சர்க்ளிப் அந்தச் சரிவில் ஏறி வெளியே வந்துவிடும். அந்த விளிம்பு கூராகத்தான் இருக்க வேண்டும், பிசிரைத் தட்டிவிட்டால் போதும்.

சேம்ஃபர் அம்சத்தையே எடுத்துவிட்டேன். கடைசல் வேலையில் சேம்ஃபர் என்பது அரை வடிவத்தில் ஒரு சாய்ந்த கோடு, அவ்வளவுதான். முதன்மை ஸ்கெட்சிலேயே 1-க்கு 1 என்று வரைந்தேன், காலருக்கு 0.5. குரூவ் எங்கே நகர்ந்தாலும் இனி இவை நகராது.

ஜூன் 10, செவ்வாய்

இரண்டாவது துண்டு. முதல் அளவில் 20.012, 15.998. இரண்டுமே ஏறக்குறைய 3.5 மைக்ரான் மேலே, ஒரே பக்கம். எல்லைக்குள் இருந்தாலும் அண்ணன் ஆஃப்செட்டில் 0.003 குறைத்தார். மூன்றாவது துண்டு 20.009, 15.995.

பேரிங் போட்டு சர்க்ளிப்பை விட்டதும் டிக்கென்று சத்தம். ப்ளையர் முனையால் திருப்பிப் பார்த்தோம், குரூவுக்குள் தாராளமாகச் சுற்றியது. மீதி 40 துண்டுகளை இன்று மாலை போடச் சொல்லிவிட்டு வந்தேன்.